தாத்தாவின் அச்சகம், அப்பாவின் பழக்கம்: அறிமுகத்தில் எதை எழுதுவது?

கேள்வி: எங்களுடையது குடும்ப அச்சகம். தாத்தா 1968-இல் ஒரே ஒரு டிரெடில் இயந்திரத்தோடு தொடங்கினார். 1994-இல் அப்பாவும் பெரியப்பாவும் பிரிந்தபோது பழைய பெயரும் பழைய இடமும் பெரியப்பாவுக்குப் போய்விட்டன. அப்பா வேறு பெயரில் இரு வண்ண ஆப்செட் போட்டார். இன்றும் பிளேட் போடுவதற்கு முன் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். நான் மூன்றாம் தலைமுறை. 'எங்களைப் பற்றி' என்று நான்கு பத்தி எழுத வேண்டும். இணையதளம் செய்பவர் எழுதித் தந்தது எனக்கே நம்பும்படி இல்லை. 1968 என்று போடலாமா? ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். அதைப் போட்டால் மதிப்பு கூடுமா?

பதில்: அப்பா வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார் என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். உங்கள் அறிமுகத்தின் நடுப்பகுதி அதுதான். முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்கு ஃபோன் செய்வதற்கு 1968-ஐவிட, மூன்று தலைமுறை என்ற பெருமையைவிட, அந்த ஒரு பழக்கம் உதவும்.

ஓர் அச்சகத்தின் அறிமுகத்தைப் பொழுதுபோக்குக்காக யாரும் படிப்பதில்லை. முன்பணம் கொடுக்கப் போகிறவர்தான் படிக்கிறார். கையில் ஒரு தேதி இருக்கிறது, 2,000 பிரதி வேண்டும், உங்களை அவருக்குத் தெரியாது. சட்டை பெரிதாகிவிட்டால் பிடித்துத் தைக்கலாம். ஃபோன் எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போன 2,000 அழைப்பிதழை என்ன செய்வது? எடைக்குத்தான் போட வேண்டும். தப்பு வருமா, வந்தால் யார் தலையில் விழும், பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவார்களா என்பதுதான் அவருடைய கவலை. நான்கு பத்தியும் இந்தக் கவலைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இணையதளக்காரர் தந்ததில் என்ன இருந்திருக்கும் என்று பார்க்காமலேயே சொல்வேன். 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்', 'அதிநவீனத் தொழில்நுட்பம்'. அதில் ஒரு வரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். அதே வரி குழாய் விற்பவருக்கும் பயிற்சி நிலையத்துக்கும் போயிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தைப் பத்துப் பேருக்கு விற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால், தேடலில் முன்னால் வர வேண்டும், அதனால் 'சிறந்த அச்சகம்' என்பதை எட்டு இடத்தில் சொல்ல வேண்டும் என்பார்கள். எட்டு முறை தன்னையே சிறந்தவர் என்று சொல்லிக்கொள்பவரிடம் நீங்கள் பணம் கொடுப்பீர்களா? அந்தத் தாளை ஓரமாக வையுங்கள்.

சரி, அப்பாவின் பழக்கத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டால் தாத்தா காலத்துக்கே போவார். ஈய எழுத்தைக் கையால் கோர்த்த நாளில் கம்பாசிட்டர் எழுத்துப் பெட்டியான கேஸைப் பார்க்கவே மாட்டார். எந்த எழுத்து எந்த அறையில் இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். ஆனால் ஒரு வேலை முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் திரும்பப் போடும்போது ஓர் எழுத்து பக்கத்து அறையில் விழுந்துவிட்டால், அடுத்த வேலையில் அது தானாகத் தப்பான இடத்துக்கு வந்து உட்காரும். கோர்த்தவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் இது நடக்கும். அதனால்தான் கோர்த்த எழுத்தின் சோதனை அச்சான கேலி புரூஃப் எடுத்ததும் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் புரூஃபில் விரலை ஓட்டிக்கொண்டு வருவார். தனியாகப் படித்தால் கண் தான் எதிர்பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு போய்விடும். காதில் விழுவது ஒன்றாகவும் கண்ணில் படுவது வேறாகவும் இருந்தால் விரல் நின்றுவிடும்.

ஈயம் போய்விட்டது, தப்பு போகவில்லை. வேறு வழியில் வருகிறது. வாடிக்கையாளர் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பியதை உங்கள் கணினியில் திறந்தால் கொம்பு ஒரு எழுத்து தள்ளிப் போய் நிற்கும், 'ஸ்ரீ' பெட்டியாகிவிடும். போன வருடத்து வேலையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது கிழமையை மாற்ற மறந்துவிடுவார்கள். இதெல்லாம் திரையில் பார்க்கும்போது தப்பித்துவிடும், படித்துக் கேட்கும்போது மாட்டும். ஆகவே தாத்தாவுக்கும் உங்களுக்கும் நடுவில் உண்மையாகவே ஓடிவருகிற விஷயம் இது. அதைச் சொன்னால் கதையும் ஆயிற்று, நம்பிக்கைக்குக் காரணமும் சொன்னதாயிற்று. தாத்தா கஷ்டப்பட்டார், தெருத்தெருவாக அலைந்தார் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். படிக்கிறவருக்கு அதனால் என்ன?

ஒன்றை மட்டும் அப்பாவிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். இது எல்லா வேலைக்கும் நடக்கிறதா, பெரிய வேலைக்கு மட்டுமா? 200 பக்கப் புத்தகத்தை முழுக்கச் சத்தமாகப் படிக்க யாராலும் முடியாது. 'ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கிறோம்' என்று எழுதினால் முதல் எழுத்துப் பிழையிலேயே அந்த வாக்கியம் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். பெயர், தேதி, எண் என்று மூன்றோடு நிறுத்துங்கள். அவை எந்த வேலையிலும் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கும், தப்பினால் தாளையே குப்பையாக்குபவையும் பெரும்பாலும் அவைதான். எண்களை 'தொண்ணூற்றெட்டு' என்று சேர்த்துப் படிக்காமல் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும் என்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து 1968. பொதுவாக யார் கேட்டாலும் தொடங்கிய ஆண்டை நேராகப் போடுங்கள், '50 ஆண்டு அனுபவம்' என்று கணக்குப் போட்டு எழுதாதீர்கள் என்பேன். ஆண்டு பழசாகாது, எண்ணிக்கை அடுத்த வருடமே தப்பாகிவிடும். ஆனால் உங்கள் கதையில் பாகப்பிரிவினை இருக்கிறது. குடும்ப அச்சகங்கள் சறுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்றே பேசுகிறேன்.

பழைய பெயர் பெரியப்பாவிடம் இருக்கிறது. நீங்கள் உங்கள் பெயருக்குக் கீழே 'நிறுவப்பட்டது 1968' என்று போட்டால் அது உண்மையில்லை. அந்தப் பெயரில் 1968-இல் எந்த அச்சகமும் இல்லை. தாத்தா ஒருவர்தானே, உரிமை இருவருக்கும்தானே என்று வீட்டில் வாதாடலாம். வாடிக்கையாளர் வீட்டு ஆள் இல்லை. அவர் இரண்டு அறிமுகத்தையும் படிக்கிறார், இரண்டிலும் அதே தாத்தா, அதே டிரெடில், அதே 1968. ஒன்று மற்றதன் நகல் என்று நினைப்பார். புதுப் பெயர்க்காரரான உங்களைத்தான் நகல் என்று நினைப்பார் என்பது கூடுதல் வம்பு. அதற்காக 1968-ஐ விழுங்கவும் வேண்டாம். தாத்தா உங்களுக்கும் தாத்தாதான், தொழிலை அங்கேதான் கற்றீர்கள். எது தொழில் தொடங்கிய ஆண்டு, எது இந்த அச்சகம் தொடங்கிய ஆண்டு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டால் போதும்.

இதிலேயே வேறு சூழ்நிலைகளும் உண்டு. பெயர் உங்களிடம் வந்து பெரியப்பா புதுப் பெயர் வைத்திருந்தால் 1968-ஐத் தாராளமாக மேலே போடலாம்; அப்போதும் '1994 முதல் அப்பாவின் பொறுப்பில்' என்ற வரி வேண்டும். இருவரும் அதே பெயரைச் சின்ன வித்தியாசத்தோடு வைத்திருந்தால்தான் பெரிய சிக்கல். அங்கே முதல் பத்தியிலேயே 'எங்களுக்கு வேறு கிளை கிடையாது' என்று எழுதியாக வேண்டும். இல்லையென்றால் அவர்களிடம் முன்பணம் கொடுத்தவர் உங்கள் வாசலில் வந்து சண்டை போடுவார். தாத்தாவின் படத்தை இருவரும் போடலாம். அந்த டிரெடில் இப்போது பெரியப்பாவின் இடத்தில் நின்றால், அதைப் படமெடுத்து உங்கள் இயந்திரம்போலப் போடாதீர்கள். எழுதி முடித்ததும் பெரியப்பா வீட்டுக்கும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அனுமதி கேட்பதற்கு அல்ல. நாளைக்கு அவர்கள் பக்கத்திலிருந்து யாராவது 'அது பொய்' என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால் நான்கு பத்தியும் வீண் என்பதால்.

இனி, நீங்கள் தந்த விவரத்தை வைத்து நான் எழுதினால் இப்படி வரும். என்னென்ன அச்சடிக்கிறீர்கள், எதை வெளியே கொடுக்கிறீர்கள், புரூஃபுக்கு என்ன முறை என்று எழுதவில்லை, அவற்றை ஊகமாகப் போட்டிருக்கிறேன்.

> நாங்கள் ரசீதுப் புத்தகம், அழைப்பிதழ், லெட்டர்பேட், சிறிய நூல்கள் அச்சடித்துத் தருகிறோம். ஒரு வண்ண, இரு வண்ண வேலைகள் எங்கள் ஆப்செட் இயந்திரத்திலேயே ஓடுகின்றன. நம்பரிங்கும் பைண்டிங்கும் இங்கேயே நடக்கின்றன. நான்கு வண்ண வேலையையும் லேமினேஷனையும் வெளியே கொடுத்து வாங்குகிறோம். அவையும் எங்கள் கையில் வந்து, பார்த்து எண்ணிய பிறகே உங்களுக்கு வரும்.
>
> எங்கள் தாத்தா 1968-இல் ஒரு டிரெடில் இயந்திரத்தோடு அச்சுத் தொழிலில் இறங்கினார். அந்த அச்சகத்தை அதே பெயரில் பெரியப்பா குடும்பத்தார் நடத்துகிறார்கள். அங்கே தொழில் கற்ற அப்பா 1994-இல் இந்த அச்சகத்தைத் தனியாகத் தொடங்கி, ஆப்செட்டுக்கு மாறினார். இரண்டும் தனித்தனி நிறுவனங்கள்.
>
> கையால் எழுத்துக் கோர்த்த காலத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்ப்பார். எங்களிடம் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. பிளேட் போடுவதற்கு முன் உங்கள் வேலையில் உள்ள பெயர்கள், தேதிகள், எண்களை இருவர் படித்துச் சரிபார்ப்போம். பிறகு புரூஃப் உங்களிடம் வரும். நீங்கள் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகுதான் இயந்திரம் ஓடும். ஒப்புதல் தந்த புரூஃபில் இருப்பதற்கு மாறாக ஓர் எழுத்து அச்சாகியிருந்தாலும் எங்கள் செலவில் மறுபடி அச்சடித்துத் தருவோம்.
>
> வேலையை வாங்குவதும் புரூஃப் அனுப்புவதும் நான். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அப்பா. நேரில் வந்து தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வருவதற்கு முன் ஒரு ஃபோன் செய்யுங்கள்.

'நான்', 'அப்பா' என்ற இடங்களில் உங்கள் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பெயரில்லாத அறிமுகத்தை நான் நம்புவதில்லை.

முதல் பத்தியில் வெளியே கொடுக்கும் வேலையைச் சொன்னதைப் பார்த்து அப்பா முகம் சுளிக்கலாம். சொல்லத்தான் வேண்டும். இரு வண்ண இயந்திரத்தில் நான்கு வண்ணப் படம் அடிக்க வேண்டுமானால் தாளை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். நடுவில் தாள் ஈரம் ஏறியோ காய்ந்தோ கொஞ்சம் நீண்டு சுருங்கினாலும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டிய ரிஜிஸ்டர் தள்ளிப்போய், படத்தின் ஓரத்தில் நிழல்போல இன்னொரு வண்ணம் எட்டிப் பார்க்கும். இந்தத் தொழில் தெரிந்த வாடிக்கையாளர் 'எல்லாம் இங்கேயே' என்று படித்தால் சிரிப்பார். தெரியாதவர் பிறகு வேறு வழியில் தெரிந்துகொண்டு, மற்றதும் பொய்யோ என்று யோசிப்பார்.

மூன்றாம் பத்தியில் நான் எழுத்தை மட்டும் சொல்லி நிறத்தைத் தொடவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றே செய்தது. வாடிக்கையாளர் புரூஃபை ஃபோன் திரையில் பார்க்கிறார். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாளில் மையால் வருகிறது. 'புரூஃபில் இருந்த நிறமே வரும்' என்று எழுதினால் உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. நிறம் முக்கியமான வேலைக்குத் தாளில் எடுத்த புரூஃபைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒப்புதல் வந்த புரூஃபையும் அந்தச் செய்தியையும் வேலை பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

படம் ஒன்று போதும்: ஓடுகிற இயந்திரம், பக்கத்தில் அப்பா, பின்னால் உங்கள் போர்டு. போர்டும் ஆளும் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும், அதற்குக் காரணம் உண்டு. இயந்திரமே இல்லாமல், யாருடைய இயந்திரப் படத்தையோ எடுத்துப் போட்டு, முன்பணம் வாங்கி, மூன்றாவது ஆளிடம் வேலையைத் தள்ளிவிடும் தரகர்கள் இந்தத் தொழிலில் அதிகம். கெட்டுப்போனால் அச்சகத்தைக் கை காட்டுவார்கள், அச்சகக்காரருக்கோ வாடிக்கையாளர் யாரென்றே தெரியாது. இவர்களால்தான் சொந்தமாக இயந்திரம் வைத்து மை படிந்த கையோடு நிற்கிற உங்களைப் போன்றவர்கள் தங்களை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஆளில்லாத தனி இயந்திரப் படம் போட்டால் அதையும் அவர்களே திருடிக்கொள்வார்கள்.

படமெடுக்கும் அன்று இயந்திரத்தின் டெலிவரி முனையில் என்ன தாள் விழுந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். பெரிதாக்கினால் யாரோ ஒருவருடைய அழைப்பிதழ், வீட்டு முகவரி, ஃபோன் எண்ணோடு தெளிவாகப் படிக்கும்படி இருக்கும். இல்லையென்றால் பரீட்சைக் கேள்வித்தாள், இன்னும் கடைக்கு வராத ஒரு பொருளின் லேபிள். அந்தப் படத்தைப் பார்க்கிறவர் 'நாளைக்கு என் தாளையும் இப்படித்தான் போடுவார்கள்' என்று புரிந்துகொள்வார். உங்கள் சொந்த லெட்டர்பேடையோ காலண்டரையோ ஓட்டி அதைப் படமெடுங்கள்.

கடைசியாக அந்தச் சான்றிதழ்க்காரர். இவர்களைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு தர நிர்ணயங்களை எழுதி வெளியிடுகிறது, அவ்வளவுதான். அது எந்த நிறுவனத்துக்கும் சான்றிதழ் தருவதில்லை, தன் சின்னத்தை மற்றவர்கள் போட்டுக்கொள்ளவும் விடுவதில்லை. சான்று தருபவை வேறு நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்த்து அங்கீகாரம் தருபவை இன்னொரு அடுக்கு. நடுவில் இருப்பவர் இந்த அடுக்குகளைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அவரிடம் எந்த எண்ணுள்ள நிர்ணயம், சான்று தருவது யார், அவர்களை அங்கீகரித்தது யார், தணிக்கைக்கு எங்கள் அச்சகத்துக்கு எப்போது வருவார்கள் என்று கேளுங்கள். 'யாரும் வர வேண்டாம், பேப்பரை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றால் கதவைச் சாத்தலாம். முறையான ஐ.எஸ்.ஓ. 9001 சான்று என்றால் தணிக்கையாளர் உங்கள் வேலையைப் பார்த்தாக வேண்டும், ஆண்டுதோறும் மேற்பார்வைத் தணிக்கை உண்டு, மூன்று ஆண்டில் புதுப்பிக்கவும் வேண்டும். அப்போதும் அது வேலையை நிர்வகிக்கும் முறைக்கான சான்றுதான். உங்கள் அச்சு நன்றாக இருக்கிறது என்று அது சொல்வதில்லை. ஆப்செட் அச்சின் நிறக் கட்டுப்பாட்டுக்கென்று 12647-2 என்ற வேறு நிர்ணயம் இருக்கிறது. வருகிறவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். உங்கள் அளவுள்ள அச்சகத்துக்கு வாடிக்கையாளர் யாரும் கேட்காதவரை எதுவும் வேண்டாம்.

காடு காக்கும் எஃப்.எஸ்.சி. மரச் சின்னமும் இதே கதைதான். சான்று பெற்ற தாளை வாங்கி அச்சடிப்பதால் மட்டும் அந்தச் சின்னத்தை நீங்கள் போட முடியாது. அச்சகத்துக்கே தனிச் சான்றும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். தாள் வியாபாரி 'தாராளமாகப் போட்டுக்கோங்க' என்று சொல்வதைக் கேட்டுப் போட்டுவிடாதீர்கள்.

முகவரியும் ஃபோன் எண்ணும் அறிமுகத்திலும், பில்லிலும், போர்டிலும், வரைபடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரிந்த குடும்பத்தில் பழைய எண் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய விசிட்டிங் கார்டு மிச்சமிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை ஃபோன் செய்து, பெரியப்பா வீட்டில் யாராவது எடுக்கிறார்களா என்று தெரிந்துகொண்ட பிறகு பக்கத்தை வெளியிடுங்கள்.